ஒன்றாக்கினாலும் மறுநாள் போனில் திரும்பி வரும் இரட்டைப் பதிவுகள்

கேள்வி: "பட்டர்வொர்த்தில் பந்தல் அலங்காரத் தொழில் செய்கிறேன். புது சாம்சங் போனில் என் இரண்டு கூகுள் கணக்கு (1,900, 1,150 பேர்), பழைய சாம்சங் கணக்கு (870 பேர்), இரண்டு சிம் (சேர்த்து 380) எல்லாவற்றையும் போட்டேன். இப்போது காண்டாக்ட்ஸ் பட்டியலில் பலர் இரண்டு மூன்று தடவை வருகிறார்கள். மெர்ஜ் அழுத்தினால் குறைகிறது, கொஞ்ச நாளில் மறுபடியும் பழையபடி. ஒரேயடியாகச் சுத்தம் செய்ய வழி உண்டா?"

வழி உண்டு. ஆனால் அது போனில் இருக்கும் மெர்ஜ் பொத்தானில் இல்லை. சாம்சங் போனில் `Merge contacts` அழுத்தும்போது பதிவுகள் உண்மையில் ஒன்றாவதில்லை. திரையில் ஒன்றாகக் காட்டும்படி ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். கூகுளில் உள்ள பதிவு கூகுளிலேயே இருக்கிறது, சாம்சங் கணக்கில் உள்ளது அங்கேயே இருக்கிறது. "இவை இரண்டும் ஒரே ஆள்" என்ற குறிப்பு மட்டும் அந்தப் போனுக்குள் எழுதி வைக்கப்படுகிறது. ஒரு கணக்கை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தாலோ, புதுப் போனுக்கு மாறினாலோ, பதிவுகள் மறுபடி புதிதாக இறங்குகின்றன. பழைய குறிப்புக்கு அவற்றைத் தெரியாது. அதனால்தான் பழையபடி ஆகிவிடுகிறது.

இந்தப் பிணைப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிணைந்த பதிவை "இது கூடுதல்" என்று நினைத்து அழித்தால், அடியில் இருக்கும் எல்லாக் கணக்குகளிலிருந்தும் அது போய்விடும். ஆகவே கீழே சொல்வது முடியும்வரை போனில் எதையும் அழிக்க வேண்டாம், பிணைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது காரணம், எழுதிக்கொண்டே இருக்கும் ஊற்று. கூகுள் காண்டாக்ட்ஸ் செயலியின் அமைப்புகளில், போனிலும் சிம்மிலும் உள்ள எண்களைத் தானாகவே கூகுள் கணக்குக்கு நகலெடுக்கும் வசதி ஒன்று உண்டு. திரையில் `Also sync device contacts` என்றோ அதற்கு நெருங்கிய பெயரிலோ வரும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கூகுளில் சுத்தம் செய்தால், போனில் மீந்திருக்கும் பழைய பிரதி மீண்டும் மேலே ஏறும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

இனி திட்டம். உங்கள் எண்ணிக்கைகளைப் பார்த்தால், 1,900 பேர் உள்ள கூகுள் கணக்கை நிரந்தர வீடாக வைத்துக்கொள்வது நல்லது. அதில்தான் படங்களும் பிறந்தநாள்களும் அதிகம் இருக்க வாய்ப்பு. அதை முதல் கணக்கு என்போம். 1,150 பேர் உள்ள கணக்கை, மற்ற எல்லாம் வந்து சேரும் காத்திருப்பு அறையாகப் பயன்படுத்தலாம். அது இரண்டாம் கணக்கு. எல்லாவற்றையும் முதல் கணக்கில் கொட்டிவிட்டு அங்கே ஒன்றாக்குவதுதான் பலர் செய்வது. அதைவிட, கொட்டுவதற்கு முன்பே ஒப்பிட்டு, முதல் கணக்கில் இல்லாதவற்றை மட்டும் உள்ளே விடுவது நல்லது. 2,400 பதிவுகளை உள்ளே விட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் துரத்துவதைக் காட்டிலும் வாசலிலேயே நிறுத்துவது எளிது.

முதலில் காப்புப் பிரதி. கணினியில் contacts.google.com திறந்து, இரண்டு கணக்குகளிலும் தனித்தனியாக `Export` கொடுத்து, `Google CSV` ஒன்று, `vCard` ஒன்று என்று எடுத்து வையுங்கள். சாம்சங் கணக்கின் 870 பேரையும் போனின் காண்டாக்ட்ஸ் செயலியில் `Manage contacts` வழியாகக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள், அது .vcf கோப்பாக வரும். கோப்பின் பெயரிலேயே கணக்கும் தேதியும் இருக்கட்டும். இவை போனில் மட்டும் இருந்தால் பயனில்லை, கணினியிலும் ஒரு பிரதி வேண்டும்.

அடுத்து, சாம்சங் கணக்கில் உள்ளவர்களை `Move contacts` மூலம் இரண்டாம் கூகுள் கணக்குக்கு நகர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு சிம்மிலிருந்தும் `Import contacts` கொடுத்து, சேரிடமாக அதே இரண்டாம் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் சரியாகப் போனால் இரண்டாம் கணக்கில் 1,150, 870, 380 சேர்ந்து 2,400 பேர் இருக்க வேண்டும். இணையத்தில் அந்தக் கணக்கைத் திறந்தால் மொத்த எண்ணிக்கை தெரியும். எண்ணிக்கை குறைந்தால் சிங்க் இன்னும் முடியவில்லை என்று பொருள், காத்திருங்கள். கூடினால் ஏதோ ஒன்று இரண்டு முறை ஏறியிருக்கிறது.

சிம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய சிம்களில் பெரும்பாலும் 250 பெயர்தான் கொள்ளும். உங்கள் சிம் ஒன்றில் சரியாக 250 என்று காட்டினால் அது நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு சேமித்தவை வேறெங்கோ போயிருக்கின்றன. சிம்மில் பொதுவாக ஒரு பெயருக்கு ஓர் எண்தான், பெயரும் குறுக்கப்பட்டிருக்கும். இரண்டு எண் உள்ளவர்களைச் சில பழைய போன்கள் சிம்முக்கு நகலெடுத்தபோது, பெயரின் கடைசியில் /1, /M போன்றவற்றை ஒட்டி இரண்டு பதிவாக்கிவிட்டன. பெயர் பாதியில் அறுந்து நின்றாலோ இப்படிச் சாய்கோட்டோடு முடிந்தாலோ அது சிம் வழியாக வந்தது என்று அறிந்துகொள்ளலாம். அதன் எண் நம்பத்தக்கது. பெயரை மட்டும் வேறு பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாம் கணக்கை மறுபடி `Google CSV` ஆக ஏற்றுமதி செய்யுங்கள். முதல் கணக்கின் கோப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. இவற்றை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கிட்டுத் திறக்காதீர்கள். எக்செல் எண்ணாகத் தெரிவதையெல்லாம் எண்ணாக்கிவிடும்: 012-இல் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், +60-இல் கூட்டல் குறி போய்விடும், தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகிவிடும். சேமித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கூகுள் ஷீட்ஸில் புதுத் தாள் திறந்து, `File` பட்டியலில் `Import` கொடுத்து, எழுத்தை எண்ணாக மாற்றும் தெரிவின் டிக்கை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். முதல் கணக்கின் தாளுக்கு Master என்று பெயர் வையுங்கள், இரண்டாவதற்கு Incoming.

ஒப்பிடுவதற்குப் பெயரை நம்ப முடியாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும். நம் ஊரில் ஒரே ஆள் "Saraswathy a/p Ramasamy" என்றும் "Saras Athai" என்றும் "சரஸ் அத்தை" என்றும் "Athai Maxis" என்றும் இருப்பார். இந்த நான்கும் ஒருவரே என்று எந்த மென்பொருளும் பெயரை வைத்துக் கண்டுபிடிக்காது. எண் ஒன்றாக இருந்தால் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்த எண்ணும் 012-000 0000, 60120000000, +60 12-000 0000 என்று மூன்று கோலத்தில் நிற்கும். எல்லாவற்றையும் +60 வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பீடு சரியாக நடக்கும். சிங்கப்பூருக்கோ தமிழ்நாட்டுக்கோ போய் வேறு சிம் போடும்போதும் அந்த வடிவமே வேலை செய்யும்.

இரண்டு தாளிலும் எண்ணுள்ள நெடுவரிசையை A-வுக்குக் கொண்டுவந்து, B, C நெடுவரிசைகளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். B-இல் இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எல்லாவற்றையும் நீக்குகிறோம்:

```
=REGEXREPLACE(A2,"[^0-9+]","")
```

C-இல் வடிவத்தை மாற்றுகிறோம்:

```
=IF(LEFT(B2,1)="+",B2,
 IF(LEFT(B2,2)="00","+"&MID(B2,3,20),
 IF(LEFT(B2,2)="02","+65"&MID(B2,3,20),
 IF(LEFT(B2,1)="0","+6"&B2,
 IF(LEFT(B2,2)="60","+"&B2,B2)))))
```

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. 00 என்று தொடங்குபவை வெளிநாட்டு அழைப்புக்குப் பழைய முறையில் சேமித்தவை. 0091 என்று இருக்கும் ஊர் எண் +91 ஆகிறது. 02 என்பது மலேசியாவிலிருந்து சிங்கப்பூரை அழைக்க நாம் போடும் முன்னெண். அந்த வடிவத்தில் வாட்ஸ்அப் ஆளைக் கண்டுபிடிக்காது, அதனால் +65 ஆக்குகிறோம். உள்நாட்டு எண்ணுக்கு +60 போட்டு பூஜ்யத்தை எடுப்பதும், பூஜ்யத்தை அப்படியே வைத்துக்கொண்டு +6 மட்டும் போடுவதும் ஒன்றுதான். இரண்டையும் குழப்பியவர்கள்தான் +60012 என்று சேமித்து வைத்திருப்பார்கள். C-இல் +600 என்று தொடங்குபவற்றை வடிகட்டிப் பார்த்து, கூடுதல் பூஜ்யத்தை எடுத்துவிடுங்கள்.

சரிபார்ப்புக்கு நீளம் உதவும். கூட்டல் குறியையும் சேர்த்து எண்ணினால், பினாங்கு வீட்டு எண் 11 எழுத்து வரும், கோலாலம்பூர் வீட்டு எண்ணும் 012 போன்ற கைப்பேசி எண்களும் 12, 011 எண்கள் 13. `=LEN(C2)` போட்டு, இவற்றுக்கு வெளியே உள்ளவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள். 7 என்று வந்தால், 04 போடாமல் சேமித்த பினாங்கு வீட்டு எண்ணாக இருக்கக்கூடும். 10 வந்தால் +91 இல்லாத இந்திய எண்ணா என்று பாருங்கள். 1300, 1800 என்று தொடங்கும் நிறுவன எண்களுக்கு நாட்டுக் குறி வேண்டாம். சூத்திரமும் அவற்றைத் தொடாது. 20-ஓ அதற்கு மேலோ வந்தால் அது இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டது: கூகுள் ஒரே வகை எண் இரண்டு இருந்தால் ஒரே கட்டத்தில் ` ::: ` போட்டு எழுதும், நம் சூத்திரம் அந்தக் குறியையும் அழித்துவிடும். அந்த வரிசைகளை A-இல் பார்த்து, இரண்டாம் எண்ணை `Phone 2 - Value` நெடுவரிசைக்குக் கையால் மாற்றுங்கள்.

Master தாளில் இரண்டாம், மூன்றாம் எண்களையும் A-வின் அடியில் தொடர்ச்சியாக ஒட்டி, B, C சூத்திரங்களையும் கடைசி வரிசை வரை இழுத்துவிடுங்கள். அந்தத் தாள் ஒப்பிடுவதற்கு மட்டும்தான், அதை மறுபடி ஏற்றப்போவதில்லை. பிறகு Incoming தாளில் இன்னொரு காலி நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=AND(C2<>"",ISNUMBER(MATCH(C2,Master!C:C,0)))
```

TRUE என்று வந்தால் அந்த எண் முதல் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அந்த வரிசைகளை மட்டும் வடிகட்டி, மின்னஞ்சல், முகவரி, குறிப்பு, இரண்டாம் எண் என்று கூடுதலாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முதல் கணக்கில் கையால் சேர்த்துவிட்டு வரிசையை நீக்குங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நேரே நீக்கலாம். பெயர் சுத்தமாக இல்லை என்பதற்காக மட்டும் ஒரு வரிசையைக் காப்பாற்ற வேண்டாம். FALSE வந்தவைதான் உண்மையில் புதியவர்கள். அவற்றை C-இன்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே எண் இரண்டு மூன்று தடவை இருந்தால் அடுத்தடுத்து வந்து நிற்கும், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். எண்ணே இல்லாமல் மின்னஞ்சல் மட்டும் உள்ள வரிசைகளும் இந்தக் குவியலில் இருக்கும். அவற்றைத் தனியே பாருங்கள்.

இந்த இடத்தில் மனிதர் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தச் சூத்திரமும் இதைச் செய்யாது. எண் ஒன்றாக இருப்பதாலேயே ஆள் ஒன்று என்று ஆகிவிடாது. மேலே சொன்ன அத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மில் "SARAS ATHAI" என்ற பதிவில் 04 வீட்டு எண் இருக்கிறது. கூகுளில் முழுப் பெயரோடு 016 எண் இருக்கிறது. சாம்சங் கணக்கில் தமிழில் "சரஸ் அத்தை", அதே 016. இன்னொரு பதிவு "Mama Veedu", அதில் சிம்மில் உள்ள அதே 04. எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவதும் நான்காவதும் ஒன்று, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாக்கினால் "Mama Veedu" என்ற பெயர் அத்தையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சரியானது என்னவென்றால், 016 எண் அத்தைக்கு மட்டும். 04 எண் "மாமா வீடு" என்ற தனிப் பதிவுக்கு மட்டும். சிம் பதிவு நீங்க வேண்டும். வீட்டு எண்ணும் கடை எண்ணும் ஆளுக்குச் சொந்தமல்ல, இடத்துக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். உங்கள் தொழிலில் இது இன்னும் அதிகமாக இருக்கும்: கோயில் அலுவலக எண்ணில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரின் பெயரும் இருக்கும், கூடாரம் வாடகைக்கு விடும் கடை எண்ணில் அப்பாவும் மகனும் இருப்பார்கள். கோயில் பெயரில் ஒரு பதிவு, கடை பெயரில் ஒரு பதிவு, ஆளின் சொந்தக் கைப்பேசி எண் தெரிந்தால் மட்டும் ஆளுக்குத் தனிப் பதிவு.

உறுதியாகத் தெரியாத ஜோடிகளைப் பிரித்தே வையுங்கள். இரட்டைப் பதிவு இருந்தால் ஒரு தடவை தேடச் சலிப்பாக இருக்கும். தவறாக ஒன்றாக்கிய பதிவோ, வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய விலைப்பட்டியலை அவருடைய சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

ஏற்றுவதற்கு முன் C-இல் உள்ள எண்களை நகலெடுத்து, `Phone 1 - Value` நெடுவரிசையில் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். அதற்கு முன்பே அந்த நெடுவரிசையின் வடிவத்தை `Plain text` ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கூட்டல் குறி காணாமல் போகலாம். உதவி நெடுவரிசைகளை நீக்கி, மீதி நெடுவரிசைகளின் தலைப்புகளைக் கூகுள் தந்தபடியே விட்டு, தாளை CSV ஆகப் பதிவிறக்குங்கள். முதலில் ஐந்து வரிசையை மட்டும் தனிக் கோப்பாக்கி முதல் கணக்கில் ஏற்றிப் பாருங்கள். பெயர், எண், தமிழ் எழுத்து எல்லாம் சரியாக இருந்தால், ஏற்றிய அந்த ஐந்தையும் விட்டுவிட்டு மீதியை ஏற்றுங்கள். ஒரு தடவையில் 3,000 வரை ஏற்றலாம். உங்களுக்கு 2,400-க்குக் கீழேதான் இருக்கும். நீங்கள் ஏற்றும் கோப்பைக் கூகுள் புதிய பதிவுகளாகவே சேர்க்கும், பழையதைத் திருத்தாது என்பதை மறக்காதீர்கள். அதனால்தான் முதல் கணக்கின் 1,900 பேரை நாம் கோப்பு வழியாகத் தொடவே இல்லை. அவர்களை அழித்துவிட்டுக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றியிருந்தால் படங்கள் போயிருக்கும். அந்தக் கணக்கில் வடிவம் தவறிய எண்களை Master தாளைப் பார்த்து இணையத்திலேயே கையால் திருத்துங்கள். 012 என்று மட்டும் இருப்பவை மலேசியாவுக்குள் வேலை செய்யும், அவசரமில்லை. +600, 02, 00 என்று தொடங்குபவற்றை மட்டும் உடனே பார்த்தால் போதும்.

ஏற்றியவை அனைத்தும் ஏற்றிய தேதியோடு ஒரு லேபிளின் கீழ் வரும். ஏதாவது கோணலானால் அந்த லேபிளைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆகவே திருப்தியாகும்வரை அந்த லேபிளை அழிக்காதீர்கள்.

இப்போதுதான் `Merge & fix` பக்கத்துக்குப் போக வேண்டும். இது போனின் பிணைப்பைப் போன்றதல்ல. ஒரே கணக்குக்குள் உண்மையிலேயே ஒரு பதிவாக்கும். எண் வழியாக ஒப்பிட்டாகிவிட்டதால், இங்கே வரும் பரிந்துரைகள் பெரும்பாலும் பெயர் ஒற்றுமையால் வருபவை. `Merge all` அழுத்த வேண்டாம். "Siva", "Kumar", "Aunty", "Tukang Paip" என்ற பெயர்களில் உங்களிடம் எத்தனை வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று கூகுளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், ஒரே ஆள் அல்லாததற்கு `Dismiss` கொடுங்கள். தவறாக ஒன்றாக்கிவிட்டால், அந்த ஒன்றை மட்டும் பிரிக்க இங்கே பொத்தான் கிடையாது. அமைப்புகளில் `Undo changes` இருக்கிறது. அது முழுப் பட்டியலையும் கடந்த 30 நாளுக்குள் நீங்கள் சொல்லும் நேரத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும், அந்த நேரத்துக்குப் பின் செய்த மற்றத் திருத்தங்களும் சேர்ந்தே போய்விடும். அதனால் ஒரே மூச்சில் 300 பரிந்துரைகளைப் பார்ப்பதைவிட, 50 பார்த்து, பட்டியலை ஒரு நோட்டம் விட்டு, பிறகு தொடர்வது நல்லது.

இனி ஊற்றுகளை அடைக்க வேண்டும். போனின் அமைப்புகளில் இரண்டாம் கூகுள் கணக்குக்கும் சாம்சங் கணக்குக்கும் `Contacts` சிங்க்கை மட்டும் அணையுங்கள். மின்னஞ்சலும் மற்றவையும் ஓடட்டும். போனில் முதல் கணக்கை மட்டும் காட்டும்படி வடிகட்டுங்கள். புதிய எண்களைச் சேமிக்கும் இடமாக முதல் கணக்கை நிர்ணயியுங்கள். சாம்சங்கில் அது `Default storage location`. இதை விட்டுவிட்டால் அடுத்த கல்யாணப் பருவத்திலேயே 50 எண்கள் சிம்மிலோ சாம்சங் கணக்கிலோ போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு வாரம் இப்படியே பயன்படுத்துங்கள். யாரையாவது தேடிக் கிடைக்கவில்லை என்றால் காப்புக் கோப்பில் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் சிம்மில் உள்ளவற்றையும், பிறகு இரண்டாம் கணக்கில் உள்ளவற்றையும் இணையத்தில் அழிக்கலாம். அங்கே அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். சிம்மில் அழித்தவை போனவைதான்.

வேலையிடத்து மின்னஞ்சல் கணக்கும் போனில் இருந்தால், அதை எந்தக் கட்டத்திலும் சேரிடமாக வைக்காதீர்கள். வேலையை விடும்போது நிறுவனம் கணக்கை மூடினால், அதில் சேமித்த உங்கள் சொந்தங்களும் அதோடு போவார்கள். வீட்டில் யாராவது ஐபோன் வைத்திருந்தால் அவர்களுக்கும் கொள்கை இதேதான்: ஐஓஎஸ் 16 முதல் காண்டாக்ட்ஸ் செயலியின் மேலேயே இரட்டைப் பதிவுகளைக் காட்டும், சிம்மிலிருந்து எண்களை எடுக்க மட்டும்தான் முடியும், சிம்முக்கு எழுத முடியாது, அதனால் அங்கே சிம் ஊற்றாக ஓடும் தொல்லை இல்லை.

பெரிய பட்டியலைச் சுத்தமாக வைக்கப் பெயரிடும் முறையே பாதி வேலை. "ராஜா டிஜி", "ராஜா மேக்சிஸ்" என்று நிறுவனப் பெயர் போட்டுச் சேமிப்பது ஒரு காலத்தில் அழைப்புக் கட்டணத்துக்காக வந்த பழக்கம். 2008 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம் என்பதால் அது இப்போது எதையும் சொல்வதில்லை. பெயர், என்ன உறவு அல்லது என்ன வேலை, எந்த ஊர் என்று மூன்றும் போதும்: "Ravi Kanopi Perai", "Devi Bunga Chowrasta". தமிழிலும் ஆங்கில எழுத்திலும் கலந்து பெயர் வைத்தால் தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. "சரஸ்" என்று தட்டினால் "Saras" வராது. எனவே பெயர்க் கட்டத்தில் ஆங்கில எழுத்தும், `Nickname` கட்டத்தில் தமிழும் வைத்தால் இரண்டிலும் தேடலாம். காரின் ப்ளூடூத் திரையில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

ஒரு தடவை மட்டும் வேலை இருக்கும் எண்களுக்கு, அதாவது லாரி ஓட்டுநர், பொருள் கொண்டுவரும் ரன்னர், ஒரே கல்யாணத்துக்கு வந்த மாமன் மச்சான் எல்லாருக்கும், சேமிக்கும்போதே "Temp" என்று ஒரு லேபிள் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த லேபிளைத் திறந்து வேண்டாதவற்றை அழித்துவிடலாம். கூகுளில் ஒரு கணக்கு 25,000 பேர் வரை தாங்கும், இடம் ஒரு பிரச்சினையே இல்லை. சிக்கல் வேறு: ப்ரீபெய்டு எண்கள் காலாவதியானால் நிறுவனம் அவற்றை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறது. பழைய வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் படத்தில் முன்பின் தெரியாத முகம் இருந்தால் எண் கைமாறியிருக்கலாம். ஆனால் படத்தை மட்டும் வைத்து அழித்துவிட வேண்டாம், பலர் பேரப்பிள்ளை படத்தையும் சாமி படத்தையும் வைத்திருப்பார்கள். அந்தப் பதிவின் குறிப்புக் கட்டத்தில் "எண் சரியா பார்" என்று எழுதி, அடுத்து ஏதாவது விலை அனுப்பும் முன் பெயர் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.